அடுப்புக்கு மேலே சுவர் டைல்: சந்தன நிறக் கதவுகளுக்கு எந்த நிறம் பொருந்தும், எது எளிதில் துடைபடும்?

சாம்பல்புறா, ஜனவரி 8, காலை 9:10

எங்கள் சமையலறையின் அலமாரிக் கதவுகள் வெளிர்சந்தன நிற லேமினேட். ஆறு ஆண்டுகள் ஆகியும் நன்றாகவே இருப்பதால் அவற்றை மாற்றும் எண்ணம் இல்லை. மேடை, சாம்பலும் கறுப்பும் புள்ளிபுள்ளியாகக் கலந்த கல். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. உயரமும் உள்ள சுவர்ப்பகுதியில் இருந்த பழைய சிறு டைல்களைப் பெயர்த்துவிட்டோம். அடுப்பு அந்த நீளத்தின் நடுவில் இருக்கிறது.

வெள்ளை எதனோடும் சேரும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டு, பளபளப்பான தூய வெள்ளை டைல் ஒன்றை மாதிரிக்கு வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தேன். வைத்த உடனே கதவுகள் எல்லாம் பழுப்பேறிக் கறை படிந்தவை போலத் தெரிந்தன. டைலை எடுத்தால் கதவு பழையபடி அழகாக இருக்கிறது, திரும்ப வைத்தால் அழுக்காகிவிடுகிறது. என் கண்ணில் கோளாறா, டைலில் கோளாறா? வெள்ளை எதனோடும் சேரும் என்பது உண்மையானால் இங்கே ஏன் சேரவில்லை?

இரவுவிளக்கு, ஜனவரி 8, காலை 11:45

வெள்ளையை விட்டுவிடுங்கள். அடுப்புக்குப் பின்னால் கறுப்பு அல்லது கரும்சாம்பல் மேட் டைல் பதித்தால் அழுக்கே தெரியாது. நான் பத்து ஆண்டுகளாக அதைத்தான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். சந்தன நிறக் கதவுக்குக் கரும்சாம்பல் நல்ல எதிர்நிறமாகவும் அமையும்.

தாழ்வாரம், ஜனவரி 8, பிற்பகல் 2:20

பளபளப்பான டைல் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் சிந்தினால் அதில் கால் வழுக்கிவிடும். சொரசொரப்பானதையே வாங்குங்கள். எங்கள் வீட்டில் இதனால் ஒருவர் விழுந்தே விட்டார்.

சாம்பல்புறா, ஜனவரி 8, பிற்பகல் 3:05

தாழ்வாரம் அவர்களுக்கு: நான் கேட்டது சுவர் டைல் பற்றி, தரை டைல் பற்றி அல்ல. விழுந்தவர் இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

நிறமாலை, ஜனவரி 8, இரவு 9:30

உங்கள் கண்ணிலும் கோளாறு இல்லை, டைலிலும் கோளாறு இல்லை. நான் பெயின்ட் கலக்கும் தொழிலில் இருப்பவன், இந்தக் குழப்பத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன்.

எந்த நிறமும் தனியாக நின்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பது அதை எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிடும். பிரான்சில் கோபலென் நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்து வந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்ற புகார் வந்தது. அவர் சாயத்தை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அந்த நூலுக்கு அருகில் நெய்யப்பட்ட மற்ற நிறங்களே அதை அப்படிக் காட்டுகின்றன என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். உங்கள் சுவரில் நடப்பதும் அதுவே. உங்கள் கதவில் மஞ்சள் சாயல் சிறிது உண்டு, அது தனியாக இருக்கும்போது அதைக் கண் வெள்ளையின் ஒரு வகையாகவே எடுத்துக்கொள்கிறது. நீலச் சாயல் கொண்ட தூய வெள்ளையைப் பக்கத்தில் வைத்ததும் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது, கதவின் மஞ்சள் துலங்கிவிடுகிறது.

ஒரு வெள்ளைத் தாளைக் கதவின் மேல் ஒட்டிப் பாருங்கள். தாளோடு ஒப்பிடும்போது கதவு எந்தப் பக்கம் சாய்கிறது, மஞ்சளா, இளஞ்சிவப்பா, பச்சையா என்று தெரிந்துவிடும். அந்தச் சாயலை நாங்கள் உள்நிறம் என்போம். டைலையும் அதே தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டின் உள்நிறமும் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும், வெளிச்சத்திலும் அடர்த்தியிலும் வேறுபாடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

சாம்பல்புறா, ஜனவரி 9, காலை 7:50

தாளை ஒட்டிப் பார்த்தேன். கதவு மஞ்சள் பக்கம், அதிலும் மிக மெல்லிய சிவப்புக் கலந்த மஞ்சளாகச் சாய்கிறது. ஆறு ஆண்டுகள் தினமும் பார்த்த கதவின் நிறம் இன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்படியானால் கதவின் நிறத்திலேயே டைலும் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

நிறமாலை, ஜனவரி 9, பகல் 12:15

தீராது, கூடத்தான் செய்யும். லேமினேட்டும் மெருகிட்ட டைலும் வெவ்வேறு நிறமிகளால் ஆனவை. கடையின் விளக்கில் அச்சு வார்த்தாற்போல் ஒத்துப்போகும் இரண்டும் உங்கள் வீட்டு விளக்கின் கீழ் பிரிந்து நிற்கலாம். ஏறத்தாழ ஒத்து, ஆனால் முழுதாக ஒத்துப்போகாத இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து இருந்தால், பார்ப்பவருக்குப் பொருத்தம் தேடித் தோற்றுப்போனது போலத்தான் தோன்றும். கதவைவிட ஒரு படி தெளிவாக வெளிர்ந்ததோ, ஒரு படி தெளிவாக அடர்ந்ததோ எடுங்கள். வேண்டுமென்றே வேறுபடுத்தியது என்று கண்ணுக்குப் புரிய வேண்டும்.

இன்னொன்று. மாதிரியைத் தரையில் வைத்துப் பார்க்காதீர்கள். கிடையாக இருக்கும் டைல் மேலிருந்து வரும் முழு வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். சுவரில் நிமிர்ந்து நிற்கும் டைல் அதே அறையில் கணிசமாக அடர்ந்து தெரியும். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, இரவில் உங்கள் சமையல் விளக்கில் ஒரு முறை என்று அந்த இடத்திலேயே நிறுத்திப் பாருங்கள்.

சாம்பல்புறா, ஜனவரி 11, இரவு 10:40

இன்று நான்கு மாதிரிகளோடு உட்கார்ந்தேன். முதலாவது, முன்பு வாங்கிய தூய வெள்ளை, பளபளப்பு. இரண்டாவது, தந்த நிறம், அதுவும் பளபளப்பு. மூன்றாவது, ஈர மணலில் சாம்பல் கலந்தாற்போன்ற நிறம், சாட்டின் மெருகு, அதாவது பளபளப்புக்கும் மேட்டுக்கும் நடுவில் இருப்பது. நான்காவது, இரவுவிளக்கு சொன்ன கரும்சாம்பல் மேட்.

பகலில் மணற்சாம்பல்தான் எல்லாவற்றிலும் மேலாக இருந்தது. கதவின் மஞ்சளும் மேடையின் சாம்பலும் அதில் சந்தித்துக்கொண்டன என்றே சொல்லலாம். இரவு விளக்கைப் போட்டதும் அதே டைல் நீலம் பாய்ந்து சிமென்ட் போல உயிரற்றுக் கிடந்தது. தந்த நிறம்கூடச் சற்றுப் பச்சையாகத் தெரிந்தது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

நிறமாலை, ஜனவரி 12, காலை 8:25

விளக்கின் பெட்டியில் கெல்வின் எண் எவ்வளவு என்று பாருங்கள்.

சாம்பல்புறா, ஜனவரி 12, காலை 9:00

6500 என்று போட்டிருக்கிறது.

நிறமாலை, ஜனவரி 12, காலை 9:35

காரணம் அதுதான். 6500 நீலம் பாய்ந்த வெளிச்சம், சந்தன நிற அறைக்கு அது எப்போதும் எதிரி. முதலில் விளக்கை முடிவு செய்யுங்கள், அதன் பிறகு டைலை முடிவு செய்யுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டு முறை செலவு. 4000 அளவில் ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். வாங்கும்போது நிறத்தை உள்ளபடி காட்டும் தரக்குறியீடு 90 அல்லது அதற்கு மேல் உள்ளதாகக் கேளுங்கள். குறைந்த தரமுள்ள விளக்கில் சிவப்புச் சாயல்கள் செத்துப்போகும், உங்கள் கதவில் இருக்கும் மெல்லிய சிவப்பும் அவற்றில் ஒன்று.

சாம்பல்புறா, ஜனவரி 13, இரவு 8:15

4000 விளக்கைப் போட்டேன். மணற்சாம்பல் இரவிலும் பகலில் இருந்த நிறத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது. பச்சையாகத் தெரிந்த தந்த நிறமும் தந்தமாகத் திரும்பியது. ஒரு விளக்கு இவ்வளவு செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை.

நிறத்தில் பாதி தெளிவு வந்துவிட்டது. இனித் துடைப்பதைப் பற்றி. நான்கு மாதிரிகளிலும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்திருக்கிறேன், காலையில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சாம்பல்புறா, ஜனவரி 14, காலை 8:00

இரவு முழுவதும் இருந்த எண்ணெயை முதலில் உலர்ந்த துணியாலும், பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியாலும் துடைத்தேன். பளபளப்பான இரண்டிலும் ஒரே இழுப்பில் போய்விட்டது. சாட்டினில் இரண்டு இழுப்புகள் தேவைப்பட்டன. கரும்சாம்பல் மேட்டில் எண்ணெய் போன இடம் வட்டமாக ஒரு நிழல் போல நின்றது. மூன்றாவது முறை சோப்பு போட்ட பிறகே அது மறைந்தது.

இரவுவிளக்கு, ஜனவரி 14, காலை 10:30

ஒரு சொட்டை வைத்து முடிவு செய்வது சரியல்ல. நடைமுறையில் என் வீட்டுக் கறுப்புச் சுவரில் அழுக்கு தெரிவதே இல்லை.

கரணை, ஜனவரி 14, இரவு 7:50

நான் டைல் பதிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன். இரவுவிளக்கு சொல்வதில் பாதி சரி. நிறமுள்ள தெறிப்புகள் அடர்ந்த டைலில் மறையும். ஆனால் அடுப்புச் சுவரில் படிவது அது மட்டும் அல்ல. ஆவி காய்ந்தால் வெண்புள்ளி, சோப்பு காய்ந்தால் வெண்திரை, எண்ணெய்ப் படலம் நின்றால் மினுமினுப்பு. இந்த மூன்றும் கறுப்பு மேட்டில்தான் மிக அதிகமாகத் தெரியும். அழுக்கு தெரியாமல் இருப்பதும், அழுக்கு எளிதில் போவதும் இரண்டு வேறு விஷயங்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டிலும் காற்றிலும் நாள்பட்ட எண்ணெய் வார்னிஷ் போல இறுகிவிடும். அதன் பிறகு சோப்புக்கு அது அசையாது, சலவைச் சோடா கரைத்த வெந்நீரைத் துணியில் நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அழுக்கை மறைக்கும் நிறம் அந்த நாளைத் தள்ளிப்போடாது, அது வருவதை மட்டுமே மறைக்கும்.

மேட் டைலில் இன்னொரு சோதனை செய்யுங்கள். ஒரு எஃகு மூடியின் விளிம்பை லேசாக உரசுங்கள்.

சாம்பல்புறா, ஜனவரி 14, இரவு 8:20

உரசினேன். பென்சிலால் கோடு கிழித்தாற்போல் சாம்பல் நிறத் தடம் விழுந்தது, ஈரத்துணிக்கு அது போகவில்லை. சாட்டினில் மிக மெல்லிதாக விழுந்து, அழுத்தித் துடைத்ததும் போய்விட்டது.

கரணை, ஜனவரி 14, இரவு 9:05

அது கீறல் அல்ல, டைலின் பரப்பு மூடியிலிருந்து உலோகத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்ட தடம். மேட் மெருகு நுண்ணளவில் அரம் போன்றது. அடுப்புக்குப் பின்னால் பாத்திரம் இடிக்கும் உயரத்தில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். டைலைப் பற்றி ஒரு வாரமாகப் பேசுகிறீர்கள், ஜாயிண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? நீங்கள் பெயர்த்த பழைய டைல் கெட்டுப்போயிருந்ததா, அதன் ஜாயிண்ட் கெட்டுப்போயிருந்ததா?

சாம்பல்புறா, ஜனவரி 15, காலை 6:55

நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. பெயர்த்த டைல்களில் சிலவற்றை இன்னும் எறியவில்லை, எடுத்துக் கழுவினேன். டைல் புதிது போல இருக்கிறது. நாங்கள் வெறுத்தது முழுக்க முழுக்கப் பழுப்பேறிய ஜாயிண்ட் கோடுகளை. வெள்ளை டைல் அழுக்காகும் என்று இத்தனை நாள் டைலின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

சாம்பல்புறா, ஜனவரி 15, இரவு 9:45

மனம் கேட்காமல் கணக்கிட்டுப் பார்த்தேன். பழைய டைல் 15 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. உயரம். எங்கள் சுவரில் 12 பத்தி, 8 வரிசை, ஆக 96 டைல்கள். வரிசைகளுக்கு இடையே 7 கிடைக்கோடுகள், ஒவ்வொன்றும் 180 செ.மீ. பத்திகளுக்கு இடையே 11 நிலைக்கோடுகள், ஒவ்வொன்றும் 60 செ.மீ. மொத்தம் 19 மீட்டருக்கு மேல் ஜாயிண்ட். அதே சுவரில் 30க்கு 60 டைலைப் படுக்கையாகப் பதித்தால் ஒரு கிடைக்கோடும் இரண்டு நிலைக்கோடுகளும்தான், 3 மீட்டர். டைலை நிமிர்த்திப் பதித்தால் இன்னும் குறையும் என்று நினைக்கிறேன்.

கரணை, ஜனவரி 16, காலை 6:30

கணக்கு சரி, கடைசி வரி மட்டும் தவறு. நிமிர்த்தினால் ஐந்து நிலைக்கோடுகள், ஒவ்வொன்றும் 60, அதுவும் 3 மீட்டர்தான். நீளம் மாறாது, ஆனால் இடம் மாறும். படுக்கையாகப் பதித்தால் மேடையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், தெறிப்பு மிக அதிகமாகப் படும் இடத்தில், அடுப்பின் குறுக்கே ஒரு கிடைக்கோடு ஓடும். கிடைக்கோட்டின் சிறு பள்ளத்தில் எண்ணெய் தங்கும், நிலைக்கோட்டில் வழிந்துவிடும். நிமிர்த்தினால் கிடைக்கோடே இல்லை, ஆனால் அடுப்பின் நட்டநடுவில் ஒரு நிலைக்கோடு விழும். அந்த நிறத்தில் 60க்கு 60 கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றே டைல்கள், இரண்டே கோடுகள், மொத்தம் 120 செ.மீ. நடு டைல் அடுப்புக்கு நேர் பின்னால் வருமாறு வைத்தால் இரண்டு கோடுகளும் அடுப்பின் இரு ஓரங்களுக்குப் போய்விடும்.

சாம்பல்புறா, ஜனவரி 16, பிற்பகல் 1:30

படம் வரைந்து பார்த்தேன், நீங்கள் சொன்னதே சரி. நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். மணற்சாம்பல் சாட்டின் 60க்கு 60 இருக்கிறது, ஆனால் அது போர்சலின் வகையாம். சிம்னிக்கு அடியில் சுவர் கொஞ்சம் உயரமாக இருப்பதால் அங்கே மட்டும் 15 செ.மீ. துண்டு ஒன்று மேலே தேவைப்படும். அந்த உயரத்தில் தெறிப்பு குறைவு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கரணை, ஜனவரி 16, மாலை 6:10

குறைவுதான், ஆவி மட்டும் படும். போர்சலின் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது, உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கு மேல் போகாது. சுத்தம் செய்ய அது நல்லது, பதிப்பதற்கு அதுவே சிக்கல். சிமென்ட் கலவை பிடித்து நிற்பதற்கு டைலின் முதுகு ஈரத்தை உறிஞ்ச வேண்டும். ஆகவே வெறும் சிமென்ட் கலவையில் பதிக்க விடாதீர்கள், போர்சலினுக்கு என்று எழுதியிருக்கும் டைல் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். சுவரில் பல் கரண்டியால் ஒரே திசையில் இழுத்துவிட்டு, டைலின் முதுகிலும் மெல்லியதாகப் பூசிய பிறகே அழுத்த வேண்டும். பதித்த டைலை விரலால் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தமே சொல்லிவிடும்.

தாழ்வாரம், ஜனவரி 17, காலை 10:00

முன்பு கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் எங்கள் அடுப்புச் சுவர் அனுபவம் ஒன்று இருக்கிறது. பளிங்குக் கல் பதித்தோம். பதித்த அன்று அவ்வளவு அழகு. ஆறு மாதத்துக்குள் புளிப்பான எதுவோ தெறித்த இடமெல்லாம் மெருகு போய், தண்ணீர்த் துளி காய்ந்த தடம் போன்ற மங்கல் வட்டங்கள் வந்துவிட்டன. எண்ணெய் உள்ளே இறங்கிய இடம் அடர்ந்துவிட்டது. துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனோம். அது அழுக்கு என்று நினைத்தோம், கல்லே அரித்துப்போனது என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். இப்போது அதன் மேல் கண்ணாடி பொருத்தலாமா என்று யோசிக்கிறோம். வெள்ளைப் பெயின்ட் அடித்த கண்ணாடி பற்றி யாருக்காவது தெரியுமா?

நிறமாலை, ஜனவரி 17, பிற்பகல் 12:40

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை அடித்தால் அது வெள்ளையாகத் தெரியாது. சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்து இருப்பதால் பச்சை சாயும். இரும்பு குறைந்த கண்ணாடி என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அடுப்புக்கு அருகில் என்பதால் பதப்படுத்திய கண்ணாடியாகவும் இருக்க வேண்டும். வெட்டுவதும் துளையிடுவதும் பதப்படுத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், பிறகு தொட்டால் சிதறிவிடும்.

சாம்பல்புறா, ஜனவரி 19, இரவு 10:15

இரண்டு நாள் குழப்பத்துக்குப் பிறகு எழுதுகிறேன். மணற்சாம்பலா, தந்தமா என்பதில் மனம் ஊசலாடுகிறது. நான்கு மாதிரிகளையும் ஐந்து நாள் அடுப்புக்குப் பின்னால், சூடு நேரடியாகப் படாத தூரத்தில் சாய்த்து வைத்துச் சமைத்தோம். தந்த நிறத்தில் ஒவ்வொரு துளியும் தெரிந்தது, தெரிந்ததால் அன்றாடம் துடைத்தோம், ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பில் போனது. மணற்சாம்பலில் மூன்று நாள் எதுவும் தெரியவில்லை, நான்காம் நாள் விரலை வைத்தபோது ஒட்டியது. கரணை ஐயா சொன்னது அப்போதுதான் விரலுக்குப் புரிந்தது. கரும்சாம்பல், இரவுவிளக்கு கோபித்துக்கொள்ளக் கூடாது, இரண்டாம் நாளே வெண்புள்ளிகளால் நிறைந்துவிட்டது.

அப்படியானால் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் நிறமே நல்ல நிறமா?

இரவுவிளக்கு, ஜனவரி 20, காலை 9:20

கோபம் இல்லை. நேற்று என் வீட்டுச் சுவரில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். மேலே முழுவதும் ஒரு படலம் இருக்கிறது, நான் அதை டைலின் மெருகு என்று நினைத்திருந்தேன். ஆனாலும் தினமும் மூன்று வேளை சுவரைப் பார்த்துப் பதறுவதைவிட வாரத்துக்கு ஒரு முறை நன்றாகத் தேய்ப்பதே எனக்கு ஏற்றது என்று இப்போதும் நினைக்கிறேன். அது டைலின் குணம் மட்டும் அல்ல, மனிதரின் குணமும்தான்.

நிறமாலை, ஜனவரி 20, பகல் 1:00

தந்தம் உங்கள் கதவுக்கு மிக நெருங்கி வருகிறது என்பதே என் கவலை. ஒத்துப்போகாத இரட்டைகள் என்று முன்பு சொன்னேனே, அந்த ஆபத்து அதில் இருக்கிறது. மணற்சாம்பல் ஒரு படி தெளிவாக அடர்ந்தது, மேடையோடும் உறவு கொண்டாடுகிறது. நிறத்தை மட்டும் பார்த்தால் என் கை அதை நோக்கியே போகும்.

சாம்பல்புறா, ஜனவரி 20, இரவு 9:00

இரவுவிளக்கின் கடைசி வரி என்னைச் சிந்திக்க வைத்தது. எங்கள் வீட்டில் சமையல் முடிந்ததும் மேடையைத் துடைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. துணியை இன்னும் ஓர் அடி உயர்த்திச் சுவரையும் சேர்த்து இழுப்பது பெரிய வேலை அல்ல, அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். ஆகவே மணற்சாம்பல் சாட்டின். முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து ஜாயிண்ட். இரண்டே கோடுகள் என்றால் சாதாரணச் சிமென்ட் கிரவுட் போதாதா?

கரணை, ஜனவரி 21, காலை 6:40

போதும் என்றும் சொல்லலாம், ஆனால் கோடு குறைவாக இருக்கும்போதுதான் எபாக்ஸிக்குச் செலவும் குறைவு. சிமென்ட் கிரவுட் நுண்துளைகள் கொண்டது, எண்ணெய் இறங்கும். எபாக்ஸியில் இறங்காது. ஆனால் எபாக்ஸி காத்திருக்காது. இரண்டு பொருளையும் கலந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கோட்டை நிரப்பிய கையோடு டைலின் மேல் படிந்ததைக் கழுவி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அது டைலோடு ஒன்றாகிவிடும், அதிலும் சாட்டின் பரப்பில் இன்னும் பிடிவாதமாக ஒட்டும்.

நிறம் டைலைவிட அரைப் படி அடர்ந்ததாக இருக்கட்டும். மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் எந்தக் கிரவுட்டும் போடாதீர்கள். மேடை சற்று அசையும், கிரவுட் விரிசல் விடும். அங்கே அதே நிறத்தில் சிலிக்கோன்.

வாங்கும்போது எல்லாப் பெட்டிகளிலும் தொகுதி எண்ணும் நிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் வரும் டைல் வேறு சூளையேற்றத்தில் வேறு சாயல் காட்டும். ஒரு டைல் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல்புறா, பிப்ரவரி 6, இரவு 8:30

பதித்து முடித்தாயிற்று. மாதிரிக்கு வாங்கிய டைலும் இப்போது வந்த பெட்டியும் வேறு தொகுதி. பக்கத்தில் வைத்தபோது புதியது ஒரு மயிரிழை வெளிர்ந்திருந்தது. எல்லாம் ஒரே பெட்டியில் இருந்து பதித்ததால் சுவரில் வேறுபாடு இல்லை, மாதிரியைச் சேர்த்துப் பதித்துவிடலாம் என்று நான் முதலில் நினைத்திருந்தேன், நல்ல வேளையாகச் செய்யவில்லை.

வருத்தம் ஒன்று. எபாக்ஸி நிரப்பும்போது பதிப்பவர் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டு வந்தார். வலப்பக்கக் கோட்டின் ஓரமாக உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் திரை தங்கிவிட்டது. நேராக நின்று பார்த்தால் தெரியாது. சிம்னி விளக்கைப் போட்டால் வெளிச்சம் மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்குவதால் தெரிகிறது. எபாக்ஸி நீக்கும் திரவம் போட்டுப் பாதிக்கு மேல் எடுத்துவிட்டேன், மீதி வரவில்லை.

கரணை, பிப்ரவரி 7, காலை 7:00

வருந்துகிறேன், நான் அஞ்சியதே நடந்திருக்கிறது. இரும்பு நாரோ சொரசொரப்புத் துகளோ போட்டுத் தேய்க்காதீர்கள், மெருகில் கோடு விழுந்தால் அழுக்கு அங்கேதான் குடியேறும். அதே திரவத்தை இன்னும் இரண்டு முறை, வெள்ளை நைலான் பட்டையால் மென்மையாக. கோட்டின் மேல் நெடுநேரம் படவிடாதீர்கள், அது கிரவுட்டையும் இளக்கும்.

சாம்பல்புறா, மே 11, காலை 8:10

மூன்று மாதங்கள் கழித்து எழுதுகிறேன். மங்கல் திரை கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது, அதற்கு மேல் போகவில்லை. இரண்டு கோடுகளும் பதித்த அன்றைய நிறத்திலேயே இருக்கின்றன. கதவுகள் இப்போது பழுப்பாகத் தெரியவில்லை, வந்தவர்களில் ஒருவர் கதவுக்குப் புதிதாக நிறம் அடித்தீர்களா என்று கேட்டார்.

துடைப்பதில், வெந்நீரில் சில துளி பாத்திரச் சோப்பும் பஞ்சுபோன்ற நுண்ணிழைத் துணியும் போதுமானதாக இருக்கின்றன, கடைசியில் உலர்ந்த துணியால் ஒரு முறை இழுக்காவிட்டால் மட்டும் சாட்டினில் தடம் நிற்கிறது. ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் வேறொருவர் சமைத்தார், சுவரைத் துடைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது சுவர் சுத்தமாகத்தான் தெரிந்தது, கையை வைத்ததும் ஒட்டியது. சலவைச் சோடா ஒற்றி எடுத்தேன், பத்து நிமிடத்தில் இளகி வந்துவிட்டது. தந்த நிறத்தை எடுத்திருந்தால் அவரே பார்த்துத் துடைத்திருப்பாரோ என்று அன்று தோன்றியது.

நிறமாலை, மே 11, பகல் 12:30

துடைத்திருக்கலாம். ஆனால் வந்தவர் கதவைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

தாழ்வாரம், மே 12, காலை 10:45

நாங்கள் கண்ணாடிக்கு அளவெடுத்துவிட்டோம், இரும்பு குறைந்தது. மின்செருகிக்கான துளையை முன்பே சொல்லிவிட்டோம். சாம்பல்புறா, உங்கள் மணற்சாம்பல் டைலின் எண்ணைக் கொடுக்க முடியுமா? கண்ணாடிக்குப் பின்னால் அடிக்க அந்த நிறத்தையே கலந்து தரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நிறமாலை, மே 12, பிற்பகல் 1:15

அவருடைய எண்ணைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கதவின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பாருங்கள்.